முதல் படத்தில் ஒரு கை

முதல்பட அக்கா என்றால் அந்தக் கிடங்கில் தெரியாதவர் இல்லை. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் ஏதோ ஒரு மூலையில் உயிரோடு கிடந்தது. ஆன்லைன் சந்தையில் வீட்டுச் சாமான் விற்கும் சின்னக் கம்பெனி அது. குப்பைக்கூடை, குளியலறைக் கண்ணாடி, துணிக்கொக்கி என்று எதை விற்றாலும் தேடுகிறவர் கண்ணில் முதலில் விழும் அந்த ஒரே ஒரு படம் எது என்று முடிவு செய்வது அவள் வேலை. உள்ளே எத்தனை படம் வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளலாம். வாசலில் நிற்பது ஒன்றுதான். அது சரியில்லை என்றால் உள்ளே இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள்?

இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் உண்டு. அவளுடைய அம்மாவே கேட்டிருக்கிறாள். "படம் பாக்கறதுக்குச் சம்பளமா? நானும்தான் நாள் பூரா டிவி பாக்கறேன்" என்பாள். அக்கா சிரித்துக்கொள்வாள். அம்மாவுக்கு விளக்கி ஜெயித்தவர் அந்த வீட்டில் எவரும் இல்லை.

வேலை என்னவோ அத்தனை லேசு இல்லை. கம்ப்யூட்டரின் பெரிய திரையில் பார்த்தால் எல்லாப் படமும் ராஜா மாதிரிதான் இருக்கும். வாங்குகிறவர்கள் அப்படியா பார்க்கிறார்கள்? பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, குழம்பு கொதிக்கிற இடைவெளியில், கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறார்கள். ஆகையால் அவள் கீறல் விழுந்த ஒரு பழைய போன் வைத்திருந்தாள். போட்டிக் கம்பெனிக்காரர்களின் படங்களுக்கு நடுவே தங்கள் படத்தையும் ஒட்டி, தபால்தலை அளவுக்குச் சுருக்கி, போனைப் பேக்கிங் மேசைமேல் சாய்த்து வைப்பாள். பிறகு பேக்கிங் அத்தையைக் கூப்பிட்டு ஒரு மூச்சு விடுகிற நேரம் காட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்துவிடுவாள்.

"அத்தை, என்ன பாத்தீங்க?"

"ஏதோ வெள்ளையா, உருண்டையா ஒன்னு."

"எவ்வளவு பெரிசு இருக்கும்?"

"அது யாருக்குத் தெரியும்?"

அவ்வளவுதான், அந்தப் படம் செத்தது. எடுத்தவர் எவ்வளவு கெஞ்சினாலும் பயன் இல்லை. பொருள் என்ன, எவ்வளவு பெரிசு, நம் வீட்டில் எங்கே இருக்கும் என்ற மூன்றும் அந்த ஒரு மூச்சில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். அது அவளுக்குப் பிறவியிலேயே கொஞ்சம் தாராளமாக வாய்த்திருந்தது.

அந்த நெஞ்சழுத்தம்தான் அவளுக்கு ஒரே தங்கச்சியை இல்லாமல் ஆக்கியது. இல்லாமல் என்றால் செத்துப் போய்விடவில்லை. தொலைவில், கப்பல் கட்டும் ஒரு சின்ன ஊரில், ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள். அக்காவோடு பேச்சுத்தான் இல்லை.

இரண்டு பேரும் ஒன்றாகத்தான் அந்தக் கம்பெனிக்கு வந்தார்கள். தங்கச்சி சின்னு படம் எடுப்பாள், அக்கா தேர்ந்தெடுப்பாள். மாடியில், படிக்கட்டை ஒட்டிய ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒரு மேசையும் வெள்ளை அட்டையும்தான் அவர்கள் ஸ்டூடியோ. வெளிச்சம் கடனாக வருவது போல வந்து போகும். அது வருகிற நேரத்துக்குச் சின்னு காத்திருப்பாள். தெர்மாகோலை வெட்டிப் பக்கத்தில் நிறுத்தி, நிழலை விரட்டி, மறுபடி கொஞ்சம் நிழலைக் கூப்பிட்டு, அவள் பாடு அவளுக்கு. ஒரு தடவை அக்கா தெர்மாகோல் வெட்டும்போது கத்தி வழுக்கி, பிடித்துக்கொண்டிருந்த சின்னுவின் இடது கட்டைவிரல் அடியில் இறங்கிவிட்டது. தையல் போட்டார்கள். வெள்ளைக் கோடாக ஒரு தழும்பு நின்றுபோனது. "உன் கையெழுத்துக்கா" என்று சின்னு அதைக் காட்டிச் சிரிப்பாள்.

ஒன்பது வயது இளையவள். அக்காதான் தலை பின்னிவிட்டாள், அக்காதான் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டாள். அப்படிப்பட்டவள் எடுக்கும் படத்தையெல்லாம் 'வேண்டாம்' என்று சொல்லும் வேலையும் அக்காவுக்கே வந்து சேர்ந்தது. சின்னு பொறுத்துக்கொண்டாள். பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. மூடி போட்ட பீங்கான் கப் வந்தபோது அந்த எல்லை வந்துவிட்டது.

அந்தக் கப்பைச் சின்னு நாள் முழுக்க எடுத்தாள். கடைசியில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, டைமர் வைத்து, தன் இடது கையாலேயே கப்பைப் பிடித்து ஒரு படம் எடுத்தாள். வெள்ளைப் பின்னணி, நடுவே கப், அதைச் சுற்றி ஒரு கை. மூடி லேசாகத் திறந்திருந்தது. காலையில் எழுந்து முதல் வாய் குடிக்கப்போகிற கை அது என்று பார்த்தவுடன் தெரிந்தது. அந்தச் சந்தையின் விதிப்படி முதல் படத்தில் எழுத்து கூடாது, முகம் கூடாது, பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். சமையலறைச் சாமானுக்குக் கை மட்டும் இருக்கலாம்.

"கையை யாரு சின்னு வாங்கப்போறாங்க? கப்பைத்தானே" என்றாள் அக்கா.

"அளவு தெரியுதுல்லக்கா."

"கப்புக்கு இடம் கம்மியாயிடுச்சு. தனியா வெச்சு எடுத்தா சதுரம் பூரா கப்பு நிக்கும். நெறைய பேர் தொட்டுத் திறப்பாங்க, கிளிக் வரும். அதோட தழும்பு வேற தெரியுது."

"தழும்பு யாரு குடுத்ததுன்னு ஞாபகம் இருக்கா?"

"அதனாலதான் சொல்றேன். படத்துலேந்து அழிச்சிட்டாவது குடு."

சின்னு ஸ்டாண்டிலிருந்து கேமராவைக் கழற்றினாள். பிறகு, "நீ எடுக்கறதே இல்லக்கா, வெட்டறது மட்டும்தான்" என்றாள். அந்தப் பேச்சு அப்படியே வளர்ந்தது. பழைய படங்கள் எல்லாம் எழுந்து வந்து சாட்சி சொல்லின. சாப்பாட்டுத் தட்டு முன்னாலும் ஓயவில்லை. நடுவில் புகுந்த அம்மாவுக்கும் இரண்டு பக்கமும் அடி. கொஞ்ச நாளில் சின்னு அந்தத் தூரத்து ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். அம்மாவோடு பேசுவாள். அம்மா போனை அக்காவிடம் நீட்டினால், "வேலையா இருப்பா, விடும்மா" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். இவளும் வேலையாக இருப்பது போலவே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள்.

கப் தனியாக நிற்கும் படமே முதல் படமாகப் போனது. அக்கா சொன்னபடி கிளிக்கும் வந்தது. கப்பும் விற்றது. விற்ற வேகத்திலேயே திரும்பியும் வந்தது. 'நினைத்ததைவிடச் சின்னது' என்று ஒருவர் மாற்றி ஒருவர் எழுதினார்கள். உள்ளே அளவு போட்ட படம் இருந்தது, அதை யார் பார்க்கிறார்கள்? சதுரம் பூரா நின்ற கப் அண்டா மாதிரி தெரிந்திருக்கிறது. பெட்டியைப் பிரித்தால் கைக்கடக்கமான ஒரு கப்.

ரிட்டர்ன் அட்டைப்பெட்டிகள் கிடங்கு வாசலில் குவிந்துகொண்டே போனபோது முதலாளி ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டார்.

"இந்தக் கப்பை நிறுத்திடலாம்னு பாக்கறேன். இல்ல, படத்தை மாத்திப் பாக்கலாமா? என்னம்மா சொல்றே?"

அக்கா திரும்பி வந்த பெட்டி ஒன்றின் டேப்பை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் அந்தக் கைப்படம் இருந்தது. வேண்டாம் என்று தள்ளிய படங்களையெல்லாம் அழிப்பது வழக்கம். இதை மட்டும் அழிக்கவில்லை. சாப்பாட்டு வேளையில் எல்லோரும் எழுந்து போனபின் அதைத் திறந்து பார்ப்பாள். பெரிதாக்கித் தழும்பைப் பார்ப்பாள். சின்னுவின் முகத்தைவிட அந்தக் கை அவளுக்கு நெருக்கமாகிவிட்டிருந்தது.

அதனாலேயே அவளுக்குப் பயம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். இந்தப் படம் விற்கும் என்று தோன்றுவது தன் கண் சொல்வதா, தன் ஏக்கம் சொல்வதா? வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தைப் பார்த்து அவளால் வேண்டும், வேண்டாம் எதையும் சொல்ல முடியவில்லை. பழைய போனில் போட்டுப் பேக்கிங் அத்தையிடம் காட்டினாள்.

"என்ன பாத்தீங்க அத்தை?"

"சின்னுவோட கை." அத்தை போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாத்து எவ்வளவு நாளாச்சு அந்தப் பொண்ண."

அத்தையும் உதவமாட்டாள் என்று தெரிந்துபோனது.

கடைசியில் கிராஃப் சொன்ன வழிதான் நல்ல வழியாகப் பட்டது. கிராஃப் என்பது கம்பெனியின் விற்பனைப் புள்ளிவிவரங்களைப் பார்க்கும் இளம்பெண்ணுக்கு வைத்த பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் ஒரு வரைபடத்தைத் திறந்து காட்டுவாள், சாப்பிட்டாயா என்று கேட்டால்கூடக் காட்டுவாள் என்று கேலி.

"ரெண்டையும் ஒரே சமயத்துல ஓட விடலாம்க்கா. வர்றவங்கள சந்தையே சீட்டுக் குலுக்கற மாதிரி ரெண்டாப் பிரிச்சிடும். பாதிப் பேருக்குப் பழைய படம், பாதிப் பேருக்குக் கை. ஒரு போன்ல முதல்ல எது வந்துச்சோ கடைசி வரைக்கும் அதுதான் வரும். விலையத் தொடக்கூடாது, தலைப்பைத் தொடக்கூடாது. படம் மட்டும்தான் வேற."

"இந்த வாரம் ஒன்னு, அடுத்த வாரம் ஒன்னு போட்டா என்ன?" என்றார் முதலாளி.

"அடுத்த வாரம் சம்பள வாரம் சார். எந்தப் படம் போட்டாலும் விக்கும்."

அக்கா அன்றைக்கு மனசுக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டாள். இந்தப் படம் நியாயமாக ஜெயித்தால் சின்னுவுக்குப் போன் போட்டு, நீ சொன்னதுதான் சரி என்று சொல்வது. தோற்றால் எந்த முகத்தோடு கூப்பிடுவது? பாசமாகக் கூப்பிட்டால் சின்னுவுக்கு அது அக்காவின் வழக்கமான சமாதானமாகத்தான் படும். அவளுக்கு வேண்டியது பாசம் இல்லை. தன் கண்ணுக்கு ஒரு மரியாதை. அது அக்காவுக்குக் காலம் தாழ்ந்துதான் புரிந்திருந்தது. ஆகக்கூடி, தங்கச்சியின் குரலைக் கேட்பதும் கேட்காததும் முகம் தெரியாத ஜனங்களின் கட்டைவிரலில் போய் நின்றது.

கைப்படத்தை ஓரங்களில் வெட்டிச் சதுரமாக்கி அக்கா ஏற்றிவிட, இரண்டு படங்களுக்கும் நடுவே சீட்டுக் குலுக்கல் தொடங்கியது. அக்காவின் போனில் பழைய படம்தான் வந்தது. தன் கம்பெனிச் சரக்கை வெளியாள் மாதிரி தேடிப் பார்த்தாள். வரிசையாகப் போட்டிக்காரர்களின் கப்புகள், நடுவே தனியாக நிற்கும் அந்தப் பாழாய்ப்போன கப். மறுபடி தேடினாள், அதுவேதான். அம்மாவின் போனில் பார்த்தாள், அங்கேயும் அதுதான். எதிர்வீட்டுக்காரியின் போனை ஏதோ சாக்குச் சொல்லி வாங்கிப் பார்த்தபோது வந்தது கை.

கம்ப்யூட்டரில் ஆயிரம் தடவை பார்த்த படம். ஆனால் அங்கே அது தள்ளிவைத்த படமாகத்தான் கிடந்தது. இங்கே கடைவீதியில், நூறு கப்புகளுக்கு நடுவே, சின்னுவின் கை நின்றுகொண்டிருந்தது. கூட்டத்தில் எதிர்பாராமல் அவளைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது அக்காவுக்கு. தொட்டாள், திறந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். மூடினாள். மறுபடி தேடினாள். எதிர்வீட்டுக்காரி, "என்னங்க, கப் வாங்கப்போறீங்களா?" என்று கேட்டபிறகுதான் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் கதை வேறு. பேக்கிங் அத்தையின் போனிலும் கை வந்தது. அத்தை அதை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா? "சின்னு கை வந்திருக்கு, கப்புன்னு தேடிப் பாருங்க" என்று கிடங்கு முழுக்கச் சொன்னாள். தன் மகளுக்கு, மருமகளுக்கு, சின்னுவைத் தெரிந்த பழைய ஆட்களுக்கெல்லாம் சொன்னாள். எல்லோரும் தேடினார்கள். கை வந்தவர்கள் ஆசையோடு தொட்டுத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். பழைய படம் வந்தவர்கள், இதில் என்ன இருக்கிறது என்று தொடாமலே போனார்கள். அக்காவும் மதிய வேளையில் அத்தையின் போனை வாங்கி வைத்துக்கொள்வதை வழக்கமாக்கிக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்து முதலாளி கிராஃப்பின் திரைக்கு முன்னால் நின்று உச்சுக்கொட்டினார்.

"கைப்படத்துக்குக் கிளிக் அள்ளுது. வாங்கறவன் ஒருத்தனும் இல்லையே. கூட்டம் வருது, கல்லா காலியா இருக்கு. வேடிக்கை பாக்கத்தான் லாயக்கு போல. தூக்கிடு."

அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். தோற்றுவிட்டது. நான் அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னது சரிதான் போல. அந்த நினைப்பில் ஒரு துளி சந்தோஷமும் இல்லை. தன் கண் ஜெயித்ததற்காக இவ்வளவு அழவேண்டி வரும் என்று அவள் நினைத்தது கிடையாது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோதும் முதலாளி திரைக்கு முன்னால்தான் நின்றிருந்தார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் கிராஃப். "இது கொஞ்சம் வினோதமா இருக்கு. கிளிக் எந்த ஊர்லேந்து வருதுன்னு பிரிச்சுப் பாத்தேன். முக்கால்வாசி நம்ம ஊர்லேந்தே வருது. அதுவும் மதியச் சாப்பாட்டு நேரத்துல. நம்ம ஊர்ல இப்படி கப்புப் பைத்தியம் பிடிச்சவங்க யாரு இருக்காங்க?"

பேக்கிங் மேசைப் பக்கம் டேப் கிழிக்கும் சத்தம் நின்றுபோனது. அத்தை அக்காவைப் பார்த்தாள், அக்கா தரையைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள் அக்கா. "நானும் அத்தையும். அப்புறம் அத்தை ஊரைக் கூட்டிட்டாங்க."

"எதுக்கும்மா?" முதலாளிக்குப் புரியவில்லை.

"பாக்கணும்னு இருந்துச்சு சார். வேற ஒன்னும் இல்ல."

அவருக்குச் சின்னுவைத் தெரியும், சண்டையும் தெரியும். ஏதோ கேட்க வாயெடுத்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிராஃப்தான் பேசினாள். கோபம் இல்லை, ஆனால் விடவும் இல்லை.

"அக்கா, நீங்க பாக்கப் பாக்க அந்தப் படம் செத்துக்கிட்டு இருக்கு. வாங்காம கிளிக் பண்ற ஒவ்வொரு தடவையும், வந்தவங்க பாத்துட்டு வேண்டாம்னு போன மாதிரிதான் கணக்குல ஏறுது. சந்தை அதைப் பாத்துட்டு நம்ம கப்பையே தேடற வரிசையில கீழ தள்ளிடும். உங்களுக்கே தெரியாதா இது?"

தெரியும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது. சொந்தச் சரக்கைப் போய்த் தொடாதே என்பாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று அத்தை ஆறுதல் சொல்ல வந்தாள். சறுக்கிய ஆனையைத் தள்ளிவிட்டதில் அத்தைக்கும் பங்கு உண்டு என்பதால் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பழைய எண்ணிக்கையைக் கழித்துவிட்டு, மறுபடி சீட்டுக் குலுக்கி முதலிலிருந்து தொடங்கினார்கள். கிடங்கில் இருந்த எல்லோருக்கும் ஒரே கட்டளை. கப் என்று தேடவே கூடாது. தாகம் எடுத்தால் டம்ளர் என்று சொல்லுங்கள் என்று யாரோ கேலி செய்தார்கள். போதுமான பேர் பார்த்து முடிக்கும்வரை முடிவைத் திறக்கக்கூடாது, விற்றது திரும்பி வருகிற கெடுவும் தாண்ட வேண்டும் என்று கிராஃப் சொல்லிவிட்டாள். பாதியில் திறந்து பார்த்தால் அன்றைக்கு யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு மாலை போடத் தோன்றும். பாதி வெந்த சோற்றைக் கிளறுவது மாதிரிதான் அது.

அந்த நாட்கள் அக்காவுக்குப் பெரும் பாடு. வேறு சரக்குகளுக்குப் படம் பார்த்தாள். துணிக்கொக்கியைச் சுவரில் மாட்டிய படமா, மாட்டாத படமா? சட்டை தொங்கும் படத்தைத் தேர்ந்தாள். சட்டை யாருடையது என்று தெரியாத வெற்றுச் சட்டை. அதைப் பார்த்தாலும் மனசு எங்கோ போனது. வீட்டில் போன் மேசைமேல் கிடக்கும். கை தானாகப் போகும், இழுத்துக்கொள்வாள். கம்ப்யூட்டரில் இருந்த பிரதியைக்கூடத் திறக்கவில்லை. அதைத் திறப்பதால் எந்தக் கணக்கும் கெடாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் பார்ப்பதே தப்பு என்று ஆகிவிட்டிருந்தது. பார்க்காமல் இருக்கும்போதுதான் எவ்வளவு பார்த்திருக்கிறோம் என்று தெரிகிறது. சின்னு வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று ஒருநாள் சமையலறையில் நின்று வாய்விட்டே சொன்னாள். டிவி சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்டிருக்காது.

"ஏண்டி, அவகிட்ட நீயே பேசினா என்ன?" என்று அம்மா அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டாள். சமையலறையில் சொன்னது காதில் விழுந்துவிட்டதோ என்னவோ.

"பேசறேம்மா. ஒரு கணக்கு வரணும்."

"அக்கா தங்கச்சிக்குள்ள என்ன கணக்கு?"

அம்மா சொன்னதும் நியாயம்தான். ஆனால் இந்தக் கணக்கு அம்மாவுக்குப் புரியாது.

கெடு முடிந்த அன்று கிராஃப் அவளை மட்டும் கூப்பிட்டாள். திரையில் இரண்டு கோடுகள்.

"கிளிக்ல பழைய படம்தான் மேல அக்கா. கொஞ்சம் மேல. தனிக் கப்பு கண்ணை இழுக்குது."

"ம்."

"ஆனா இங்க பாருங்க. உள்ள வந்தவங்கள்ல வாங்கினவங்க, கைப்படத்துக்குத்தான் நெறைய. திரும்பி வந்த பெட்டியையும் கழிச்சுப் பாத்தா பக்கத்துலகூட வரல. கையப் பாத்து வாங்கினவங்க சின்னதுன்னு திருப்பி அனுப்பவே இல்ல. அளவு தெரிஞ்சுதானே வாங்கறாங்க. ஆயிரம் பேர் பாத்தா எத்தனை கப்பு வீட்லயே தங்குது, அதுதானே நமக்கு வேணும்? கைதான் ஜெயிச்சுது."

அக்கா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னு அன்றைக்குச் சொன்னது இரண்டே வார்த்தை, அளவு தெரியுதுல்லக்கா. தான் கிளிக்கை மட்டும் பார்த்தாள். வாசலுக்கு வருகிறவர்களை எண்ணியவள், உள்ளே வந்து உட்கார்ந்தவர்களை எண்ணவில்லை.

"இன்னொன்னு கேக்கணும்க்கா" என்றாள் கிராஃப். "நம்ம ஊர்க் கூட்டம் நின்னுடுச்சு. ஆனா இன்னும் ஒருத்தர் இருக்காங்க. பழைய வரைபடத்தையெல்லாம் எடுத்துப் பாத்தேன். அதுல எவ்வளவு தூரம் பின்னால போக முடியுமோ அவ்வளவு தூரமும் இருக்காங்க. தினமும் காலையில ஒரே ஒரு கிளிக். வாங்கறதே இல்ல. இந்தத் தடவை அவங்க போனுக்குக் கை வந்திருக்கு போல. வந்த நாள்லேந்து ஒன்னு இல்ல, ஒரே நாள்ல பத்துத் தடவை பதினஞ்சு தடவை திறந்து பெரிசாக்கிப் பாக்கறாங்க. அந்த ஊர்லேந்து வேற ஆளே கிடையாது. போட்டிக் கம்பெனியா இருக்குமோன்னு நினைச்சேன்."

"எந்த ஊரு?"

கிராஃப் சொன்னாள். கப்பல் கட்டும் அந்தச் சின்ன ஊர்.

அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை காலையில், அந்த ஊரில் ஓர் ஆள் எழுந்து, கப் என்று தேடி, அக்கா தேர்ந்தெடுத்த படத்தைத் திறந்து பார்த்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அதில் பார்க்க என்ன இருந்தது, தனியாக நிற்கும் ஒரு கப்பைத் தவிர? ஆனால் அது அக்காவின் படம். அவளிடமிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.

"இவங்க கிளிக்கையும் கழிச்சிடட்டுமா அக்கா?"

"கழிச்சிடு" என்றாள். "வாங்கறவங்க இல்ல அவங்க."

கழித்துப் பார்த்தாலும் கைதான் முன்னால் நின்றது.

மாடிக்குப் போனாள். படிக்கட்டு ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது. வெள்ளை அட்டை மேசைமேல் சுருண்டு கிடந்தது. போனை எடுத்தாள். பெயரைத் தேடவேண்டிய அவசியம் இல்லாதபடி அது எப்போதும் மேலேயே இருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டாள் என்று நினைத்த நேரத்தில் எடுத்தாள்.

அந்தப் பக்கம் ஏதோ இரும்பில் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"சின்னு" என்றாள் அக்கா. "உன் படம் ஜெயிச்சிடுச்சு. நீ சொன்னதுதான் சரி. நான் பாக்கத் தெரியாம பாத்துட்டேன்."

மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது.

"நீ தழும்பை அழிச்சிருப்பேன்னு நினைச்சேன்" என்றாள் சின்னு. "தினமும் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பாத்தேன். அப்படியே இருக்கு."

"அப்படியேதான் இருக்கு."

"அக்கா."

"சொல்லுடி."

"கையை இடது பக்கம் கொஞ்சம் அதிகமா வெட்டிட்டே. சுண்டுவிரல் மூச்சு முட்டுது."

அக்கா சிரிக்கத்தான் நினைத்தாள். ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எனக்கு வெட்ட மட்டும்தான் தெரியும்" என்றாள் கடைசியில். "நீ வந்து சரி பண்ணிக் குடு."